சுவரில் இருப்பதை யாராலும் சொல்ல முடியவில்லை: நிறுவனத்தின் குறிக்கோளை இரண்டே வாக்கியத்தில் எழுதுவது எப்படி?

கேள்வி

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். சுமார் 240 பேர் வேலை செய்கிறோம். நாங்கள் செய்வதில் பெரும்பகுதி விவசாய போர்வெல்லுக்கான சப்மெர்சிபிள் பம்ப். வரவேற்பறைச் சுவரில் எங்கள் குறிக்கோள் இப்படி இருக்கிறது: “புதுமையான, உலகத்தரம் வாய்ந்த, வாடிக்கையாளரை மையப்படுத்திய எண்ட்-டு-எண்ட் நீர்த் தீர்வுகளை, திறன்மிகு மனிதவளத்தின் ஒருங்கிணைந்த ஆற்றலால் நிலைத்த தன்மையுடன் வழங்கி, பங்குதாரர்கள் அனைவருக்கும் மதிப்பை உருவாக்கி, துறையின் முன்னணி நிறுவனமாகத் திகழ்வதே எமது குறிக்கோள்.”

போன மாதம் எங்கள் எம்.டி., புதிதாகச் சேர்ந்த டிப்ளமோ பையன்களிடம் “நம்ம கம்பெனி எதுக்காக இருக்கு?” என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. புதியவர்களும் பார்க்காமல் சொல்லும்படி இரண்டே வாக்கியத்தில் மாற்றி எழுதும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. நான் எழுதிய முதல் வாக்கியம்: “தரமான பொருட்களைத் தேர்ந்தெடுத்து, நவீன இயந்திரங்களைப் பயன்படுத்தி, திறமையான ஊழியர்களை ஊக்குவித்து, சுற்றுச்சூழலைப் பாதுகாத்து, விவசாயிகளின் நம்பிக்கையைப் பெற்ற நீர்த் தீர்வுகளை வழங்குகிறோம்.” இதுவும் நிற்கவில்லை. ஒவ்வொரு துறைத் தலைவரும் தன் சொல்லை எடுக்கக் கூடாது என்கிறார். பழைய வாசகத்தில் எம்.டி.யின் அப்பாவான நிறுவனரின் கையெழுத்து இருக்கிறது. மாற்றினால் ஐ.எஸ்.ஓ. சான்றிதழுக்குப் பாதிப்பு வருமா? போர்டு தீர்மானம் போட்டு கம்பெனிப் பதிவாளரான ஆர்.ஓ.சி.க்குத் தெரிவிக்க வேண்டுமா? புதியவர்கள் மனப்பாடமாகச் சொன்னால்தான் புரொபேஷன் முடியும் என்று வைத்துவிடலாமா?

இன்னொன்று. நிறுவனர் காலத்தில், எரிந்த மோட்டாரை எடுத்துவரப் போகும் சர்வீஸ் ஆட்கள் மாற்று மோட்டார் ஒன்றைப் போர்வெல்லில் இறக்கிவிட்டுத்தான் வருவார்களாம். இப்போது சில பழைய டீலர்களிடம் மட்டும் அது நடக்கிறது. இதையெல்லாம் எழுத முடியாது என்று மார்க்கெட்டிங்கில் சொல்கிறார்கள்.

நிறுவன ஆலோசகரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் தேடுகிற வாக்கியம் உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியிலேயே இருக்கிறது. எழுத முடியாது என்று மார்க்கெட்டிங் சொன்னதைத்தான் எழுத வேண்டும். அதற்கு முன்னால் உங்களைத் தடுத்துக்கொண்டிருக்கும் சட்டக் கவலைகளை முடித்துவிடுவோம், அவை சுலபமானவை.

ஆர்.ஓ.சி., ஐ.எஸ்.ஓ., கையெழுத்து

கம்பெனிகள் சட்டம், 2013 கேட்பது சங்க நடைமுறைக் குறிப்பில், அதாவது மெமோராண்டத்தில், இருக்கும் நோக்கங்களை. அதை மாற்றத்தான் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானமும் பதிவாளருக்குத் தாக்கலும் வேண்டும். சுவரில் இருக்கும் வாசகம் அதில் சேராது. நாளைக் காலையே எம்.டி. அதை மாற்றலாம், எந்தப் படிவமும் இல்லை. போர்டில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது மரியாதை, அவ்வளவுதான்.

ஐ.எஸ்.ஓ. விஷயத்தில் ஒரு சின்னக் குழப்பம் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலை குறிக்கோள் வாசகம் எதையும் கேட்கவில்லை. அதன் 5.2 பிரிவு கேட்பது தரக் கொள்கையை. அது எழுத்தில் இருக்க வேண்டும், ஊழியர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தொடர்ந்து மேம்படுத்துவோம் என்ற உறுதி அதில் இருக்க வேண்டும். பல நிறுவனங்களில் குறிக்கோளும் தரக் கொள்கையும் ஒரே ஃப்ரேமில் கலந்து தொங்கும். அதனால் இன்று வரவேற்பறைக்குப் போய் அந்த ஃப்ரேமின் கீழ் மூலையைப் பாருங்கள். டாக்குமெண்ட் நம்பர், ரிவிஷன் நம்பர், தேதி என்று சின்ன எழுத்தில் ஏதாவது இருந்தால் அது கட்டுப்பாட்டு ஆவணம். உங்கள் ஐ.எஸ்.ஓ. பொறுப்பாளர் மூலமாகத்தான் அதை மாற்ற வேண்டும், தரக் கொள்கைப் பகுதியைத் தனித் தாளாகப் பிரித்துத் தக்கவைக்கவும் வேண்டும். மூலையில் ஒன்றும் இல்லையென்றால் அது வெறும் சுவர் அலங்காரம், கழற்றலாம்.

ஆடிட்டர் ஷாப் ஃப்ளோரில் நின்று தொழிலாளியைக் கேள்வி கேட்பார் என்ற பயமும் உங்களுக்கு இருக்கும். கேட்பார்தான். ஆனால் 7.3 பிரிவு எதிர்பார்ப்பது, தரக் கொள்கை பற்றியும் அதில் தன் வேலையின் பங்கு பற்றியும் அவருக்குத் தெரிந்திருப்பதைத்தான். வரி பிசகாமல் ஒப்பிக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. “நான் வைண்டிங்கில் இன்சுலேஷன் சரியா இருக்கான்னு டெஸ்ட் பண்றேன், இல்லேன்னா மோட்டார் சீக்கிரம் எரிஞ்சிடும்” என்று ஒருவர் சொன்னால் அதுவே நல்ல பதில்.

நிறுவனரின் கையெழுத்துக்குக் கடைசியில் வருகிறேன். அது சட்டப் பிரச்சினை இல்லை, ஆனால் இந்த மூன்றில் அதுதான் பெரியது.

அந்த வாசகத்தில் நிஜமாக என்ன இருக்கிறது

ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, இதற்கு நேர் எதிரானதை எந்த நிறுவனமாவது சொல்லுமா என்று கேளுங்கள். “வாடிக்கையாளரைக் கண்டுகொள்ளாத” என்று யாராவது எழுதுவார்களா? “திறமையில்லாத மனிதவளம்”? “பழமையான”? எதிர்ச்சொல்லை யாரும் சொல்லமாட்டார்கள் என்றால் அந்தச் சொல்லும் எதையும் சொல்லவில்லை. உங்கள் வாசகத்தில் இந்தக் கேள்விக்குத் தாக்குப்பிடிப்பது ‘நீர்’ ஒன்றுதான். அதையும் ‘தீர்வுகள்’ என்று ஒட்டவைத்துக் கெடுத்துவிட்டார்கள். பம்பை எடுத்துவிட்டு ஒரு மினரல் வாட்டர் கம்பெனியின் பெயரைப் போட்டாலும் அந்தப் பலகை அப்படியே பொருந்தும்.

இப்படிப்பட்ட சொற்கள் ஏன் வருகின்றன என்று யோசித்துப் பாருங்கள். எழுதத் தெரியாததால் இல்லை. தீர்மானிக்கப்படாத விஷயத்தின் மேல் போர்த்த வசதியாக இருப்பதால் வருகின்றன. ‘வாடிக்கையாளரை மையப்படுத்திய’ என்று எழுதினால், எந்த வாடிக்கையாளர், அவருக்காக நாம் எந்தச் செலவை ஏற்போம் என்று யாரும் பேசவேண்டியதில்லை. மாற்று மோட்டார் சில டீலர்களிடம் மட்டும் நடப்பதும் அதே தீர்மானமின்மைதான். நல்ல சொற்கள் தப்பில்லை, ஆனால் அவை யாரையும் எதற்கும் கட்டுப்படுத்துவதில்லை. அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் மரியாதை, நேர்மை, தகவல் பரிமாற்றம், சிறப்பு என்று நான்கு விழுமியங்களை அறிவித்து வைத்திருந்தது. 2001 டிசம்பரில் கணக்கு மோசடியில் திவாலானது.

எதிர்ப்பக்கம் மதுரையில் இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி ஓய்வுபெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் இலக்கு, தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது. ‘தவிர்க்கக்கூடிய’ என்ற சொல்லை மேலே சொன்ன கேள்வியில் வைத்துப் பாருங்கள், நிற்கும். கண்புரையால் பார்வை போனவருக்கு அறுவை சிகிச்சை செய்தால் பார்வை திரும்பும். அப்படி இருந்தும் ஒருவர் பார்வையில்லாமல் கிராமத்தில் உட்கார்ந்திருந்தால் அது நம் வேலை பாக்கி என்று அந்தச் சொல் சொல்லிவிடுகிறது. கண் முகாம் போட ஏன் பஸ் அனுப்புகிறார்கள் என்பது அங்கே புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கும் விளங்கும். உலகத்தரம், முன்னணி எதுவும் தேவைப்படவில்லை.

உங்கள் பதினேழு சொல் வாக்கியம் எங்கே மாட்டியது

உங்கள் வரைவைப் பார்த்தேன். ‘தீர்வுகள்’ தவிர அலங்காரச் சொல் அதிகமில்லை, ஆனாலும் அது மனதில் தங்காது. காரணம் அதன் கட்டுமானம். தேர்ந்தெடுத்து, பயன்படுத்தி, ஊக்குவித்து, பாதுகாத்து என்று வினையெச்சங்களை எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டு போக நம் மொழி இடம் கொடுக்கும். முற்றுவினை கடைசியில்தான் வரும். அது வரும்போது கேட்பவருக்கு முதலில் சொன்னது போயிருக்கும். பார்க்க ஒரே வாக்கியம்தான், ஆனால் உள்ளே ஐந்து வாக்கியம் ஒளிந்திருக்கிறது.

துறைத் தலைவர்களுக்கு இடம் கொடுப்பதும் இப்படித்தான் நடக்கிறது. ‘தேர்ந்தெடுத்து’ பர்ச்சேஸ் மேலாளருக்கு, ‘இயந்திரங்கள்’ புரொடக்‌ஷனுக்கு, ‘ஊக்குவித்து’ உங்கள் பிரிவுக்கே. ஒரு வாக்கியத்தில் ஒரு வினையெச்சத்துக்கு மேல் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொற்களை எண்ணுவதைவிட, ஒரே மூச்சில் சத்தமாகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். தமிழில் ஒரு சொல்லே நீளமாக இருக்கும் என்பதால் சொல்லெண்ணிக்கை ஏமாற்றும். முற்றுவினை செய்கிறோம், தருகிறோம், விடமாட்டோம் என்று கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக இருக்கட்டும். ‘திகழ்கிறோம்’ ஒரு நாளும் வேண்டாம்.

ஆங்கிலத்தில் எழுதித் தமிழாக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். உங்களிடம் சேருகிறவர்கள் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்கள். பாக்கிப் பேருக்குப் பிறகு ஆங்கிலம் வேண்டுமென்றால் தமிழிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள் இருந்தால், அவர்களில் பழைய ஆள் ஒருவரை அழைத்து இரண்டு விஷயத்தையும் விளக்கி, அவர் வாயால் அவர் மொழியில் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு ஏஜென்சிக்கு அனுப்பினால் ‘தீர்வுகள்’ திரும்ப வந்துவிடும்.

மேஜையில் வைத்து எழுதிப் பார்ப்போம்

இரண்டு வாக்கியத்துக்கும் இரண்டு வேலை. முதலாவது, யாருக்கு என்ன செய்கிறோம். இரண்டாவது, போட்டிக் கம்பெனி செய்யாத எதை நாம் விடாமல் செய்கிறோம். ‘எப்படி ஆகப்போகிறோம்’ என்பது இங்கே வராது, ‘முன்னணி’ அதனால் போகிறது.

முதலாவதில் ‘யாருக்கு’ என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள்: போர்வெல் விவசாயி. வீட்டு மோட்டார், தொழிற்சாலை ஆர்டர் எல்லாம் கொஞ்சம் இருக்கும். விற்பனை மேலாளர் அதையும் சேர்க்கச் சொல்வார், சேர்க்காதீர்கள். பெரும்பகுதி யாருக்கோ அவரைச் சொன்னால் போதும். மற்றவர்களுக்கு விற்பதை அந்த வாக்கியம் தடுக்காது.

என்ன செய்கிறோம் என்றால் பம்ப். ஆனால் கோவையில் தடுக்கி விழுந்தால் ஒரு பம்ப் கம்பெனி. உங்கள் பம்பில் என்ன வித்தியாசம் என்று டிசைன் பிரிவிலும் சர்வீஸ் பிரிவிலும் தனித்தனியாகக் கேளுங்கள். கிராமத்து லைனில் வோல்டேஜ் இறங்கும்போது, அதே சுமையை இழுக்க மோட்டார் கூடுதல் ஆம்பியர் வாங்கும், வைண்டிங் சூடேறி எரியும். சப்மெர்சிபிள் மோட்டார் நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் இருப்பதால், எரிந்தால் பைப்பையெல்லாம் ஏற்றித்தான் வெளியே எடுக்க வேண்டும். அதனால் பெரும்பாலான போர்வெல் பம்ப் கம்பெனிகளில் பெருமையாகச் சொல்வது குறைந்த வோல்டேஜைத் தாங்குவதைத்தான். உங்கள் கம்பெனியிலும் அதுவே என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறாக இருந்தால் அதைப் போடுங்கள்.

முதல் வரைவு: “விவசாய போர்வெல்லுக்கு, குறைந்த மின்னழுத்த ஏற்ற இறக்கங்களையும் தாங்கக்கூடிய பம்ப்செட்டுகளைத் தயாரிக்கிறோம்.” உண்மைதான், ஆனால் விண்ணப்பப் படிவம் மாதிரி இருக்கிறது. மின்னழுத்த ஏற்ற இறக்கம் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார், எந்த ஃபிட்டரும் சொல்லமாட்டார். “வோல்டேஜ் கம்மி” என்பார்கள்.

இரண்டாவது வரைவு: “வோல்டேஜ் கம்மியானாலும் ஓடுற பம்ப்பை விவசாயிக்குச் செய்கிறோம்.” இது வாயில் நிற்கும்.

இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். மாற்று மோட்டார் பழக்கம் ஏன் முக்கியம்? மோட்டார் எரிந்தால் விவசாயிக்கு நஷ்டம் ரீவைண்டிங் கூலியில் மட்டும் இல்லை. மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் நாட்களில் வாழைக்கோ மஞ்சளுக்கோ தண்ணீர் இல்லாமல் போவதில்தான் இருக்கிறது, அதுவும் ஏப்ரல் மாதமென்றால் கேட்கவே வேண்டாம். நிறுவனர் அதைப் புரிந்துகொண்டு ஒரு மோட்டாரைக் கூடவே அனுப்பியிருக்கிறார். அவர் எழுதி வைக்காத குறிக்கோள் அது. முதல் வரைவு: “பழுதானால், சரிசெய்து தரும்வரை மாற்று மோட்டார் தருகிறோம்.” சரியாக இருக்கிறது, ஆனால் காரணம் இல்லை. காரணம் இல்லாத வாக்கியத்தைப் புதியவர் சேவை விதியாகத்தான் கேட்பார். “அது பழுதானால், சரியாகும்வரை பயிரைக் காயவிடமாட்டோம்” என்று மாற்றினால் காரணமே வாக்கியமாகிவிடுகிறது. மாற்று மோட்டார் தருவது அதன் வழி. பயிற்சியில் அதை விளக்கிக்கொள்ளலாம்.

ஆக:

*வோல்டேஜ் கம்மியானாலும் ஓடுற பம்ப்பை விவசாயிக்குச் செய்கிறோம். அது பழுதானால், சரியாகும்வரை பயிரைக் காயவிடமாட்டோம்.*

‘ஓடுற’ பேச்சு வழக்கு, ‘ஓடும்’ என்று எழுத வேண்டும் என்று யாராவது தமிழ் ஆசிரியராகிவிடுவார். மாற்றிக்கொள்ளுங்கள், அதில் சண்டை வேண்டாம். ‘கம்மி’யை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இங்கேதான் நிஜப் பிரச்சினை ஆரம்பிக்கிறது

இரண்டாவது வாக்கியம் இன்றைக்கு முழு உண்மை இல்லை. சில டீலர்களிடம் மட்டும் நடக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அலங்கார வாசகமாக இருந்தபோது யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இப்போது முதல் வாரத்திலேயே ஒரு புதிய சர்வீஸ் பையன் “அந்தத் தோட்டத்துல மாத்து மோட்டார் இறக்கலையே சார்” என்பான். அவனுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்களோ வாசகமோ இல்லை, எம்.டி.

அதனால் ஃப்ரேம் போட்டு மாட்டுவதற்கு முன் அவரிடம் மூன்று வழியையும் வையுங்கள். பழக்கத்தை எல்லா டீலரிடமும் திரும்பக் கொண்டுவரலாம். அதற்கு சர்வீஸ் ரெஜிஸ்டரிலிருந்து கோடையில் ஒரே சமயத்தில் எத்தனை மோட்டார் பழுதாகி வெளியே இருந்தன என்று எடுத்து, ஓடும் ஹெச்.பி. அளவுகளுக்குத் தக்கபடி டீலருக்கு எத்தனை மாற்று மோட்டார் வைக்க வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும். அதில் முடங்கும் பணத்தை அவர் ஏற்பாரா என்பதே கேள்வி. அல்லது கைவசம் உள்ள மாவட்டங்களில் மட்டும் செய்துவிட்டு, புதியவர்களிடம் “இப்போ இந்த ஏரியா வரைக்கும்” என்று வெளிப்படையாகச் சொல்லலாம். அல்லது பழக்கத்தைக் கைவிடலாம், அப்படியானால் இரண்டாவது வாக்கியத்தையும் கைவிட்டு வேறு உண்மையைத் தேட வேண்டும். மூன்றும் நேர்மையான வழிகள்தான். வாசகம் மட்டும் மாறி வழக்கம் மாறாமல் இருப்பது மட்டும் வேண்டாம், பழைய பலகையைவிட அது மோசம். என் சிபாரிசு முதலாவது. இரண்டாவதோடு தொடங்கி அங்கே போகலாம்.

‘24 மணி நேரத்தில்’ என்று ஒரு எண்ணைச் சேர்க்க மார்க்கெட்டிங்கில் ஆசைப்படுவார்கள் என்று நினைக்கிறேன். எண் மனதில் நிற்கும், அது உண்மை. ஆனால் மழையில் வண்டி போகாத தோட்டம், போர்வெல் ரிக் கிடைக்காத நாள் என்று உங்கள் கையில் இல்லாதவை நிறைய. ரெஜிஸ்டரில் ஓராண்டுக்கு அந்த நேரத்தை எட்டியிருந்தால் மட்டும் சேருங்கள்.

இதோடு ஒட்டி ஒரு சட்ட எச்சரிக்கை. உள்ளே ஊழியர்களிடம் சொல்வது வேறு, அட்டைப்பெட்டியிலும் கேட்லாகிலும் அச்சிடுவது வேறு. வெளியே போனால் அது விளம்பரம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தயாரிப்பாளர் மீது முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். விவசாயி நுகர்வோர் ஆகமாட்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், விதை வாங்கிய விவசாயிகள் விஷயத்தில் 2012-லேயே உச்ச நீதிமன்றம் அவர்களும் நுகர்வோரே என்று சொல்லிவிட்டது. ‘பயிரைக் காயவிடமாட்டோம்’ என்பதைப் பெட்டியில் அச்சிட்டால், மோட்டார் எரிந்த ஆண்டில் கருகிய மஞ்சளுக்கு உங்களிடம் ஈடு கேட்க ஒரு பிடி கிடைக்கும். அதே மாதிரி ‘வோல்டேஜ் கம்மியானாலும்’ என்பதற்கு எத்தனை வோல்ட் வரை என்று நேம்பிளேட்டிலும் வாரண்டி கார்டிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். வெளியே போடுவதானால் வாரண்டி நிபந்தனைகளை எழுதும் வழக்கறிஞரிடம் ஒரு தரம் காட்டிவிட்டுப் போடுங்கள். உள்ளே பயன்படுத்த அந்த அவசியம் இல்லை.

புரொபேஷன் வேண்டாம், சோதனையைத் திருப்பிப் போடுங்கள்

மனப்பாடம் செய்யாதவருக்குப் புரொபேஷன் முடியாது என்ற யோசனையைக் கைவிடுங்கள். புரொபேஷன் நிபந்தனைகள் நியமனக் கடிதத்திலும், உங்களிடம் ஸ்டாண்டிங் ஆர்டர் இருந்தால் அதிலும் இருப்பவை. அதில் இல்லாததை நடுவில் நுழைத்து ஒருவரை வெளியே அனுப்பினால் தகராறு வரும், கன்சிலியேஷனில் போய் உட்காரும்போது ‘பலகையைப் படிக்கவில்லை’ என்பது சிரிப்புக்கு இடமாகும். அதைவிடப் பெரிய காரணம், கட்டாயப்படுத்தினால் சோதனையே கெட்டுவிடும். மாத்திரை மாதிரி விழுங்கச் சொன்னால் பழைய வாசகத்தைக்கூட மனப்பாடம் செய்துவிடலாம். நீங்கள் சோதிக்க வேண்டியது வாக்கியத்தை, ஆளை இல்லை.

செய்முறை இது. அடுத்த பேட்ச் இண்டக்‌ஷன் வரும்போது, பாதுகாப்பு வகுப்புக்கு முன் இரண்டு வாக்கியத்தையும் ஒரு தரம், விளக்கத்தோடு இன்னொரு தரம் சொல்லுங்கள். காகிதம், ஸ்லைடு எதுவும் காட்டாதீர்கள். அப்புறம் பி.எஃப். படிவம், கேன்டீன், ஐ.டி. கார்டு என்று வழக்கமான வேலையைப் பாருங்கள். மறுநாள் மதியத்துக்கு முன், ஒவ்வொருவரையும் தனியாக, “உன் வீட்டில் அம்மா ‘சேர்ந்த கம்பெனி என்ன பண்ணுது’ன்னு கேட்டா என்ன சொல்லுவ?” என்று கேளுங்கள். சொல்வதை எழுத்து பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். திருத்தாதீர்கள், தலையாட்டாதீர்கள், எடுத்துக்கொடுக்காதீர்கள்.

குறிப்பில் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். எல்லோருமே விட்டுவிட்ட சொல் எது? அதை வெட்டுங்கள். எல்லோரும் தாங்களாக மாற்றிக்கொண்ட சொல் எது? அதை ஏற்றுக்கொள்ளுங்கள். ‘சரியாகும்வரை’ என்பதை அவர்கள் ‘ரெடி பண்ணித் தர வரைக்கும்’ என்று சொன்னால், அதுதான் வாக்கியம். ‘விவசாயி’ விழுந்துவிட்டு ‘பம்ப் செய்கிறோம்’ மட்டும் வந்தால் அது எச்சரிக்கை, யாருக்காக என்பது சேரவில்லை. சொல் வரிசை முதலில் விவசாயியை வைக்கிற மாதிரி மாற்றிப் பாருங்கள். மாற்றிய பிறகு அதே ஆட்களிடம் திரும்பப் போகாதீர்கள், அவர்களுக்கு ஏற்கனவே தெரியும். அடுத்த பேட்சிடம் போங்கள். துறைத் தலைவர்களை வைத்துச் சோதிப்பதும் வீண். விஷயம் தெரிந்தவருக்கு எப்படி எழுதினாலும் நினைவில் நிற்கும்.

அவர்களின் சொற்களை எங்கே வைப்பது என்று கேட்டால், எதையும் குப்பையில் போட வேண்டாம். தரமும் தொடர்ந்த மேம்பாடும் தரக் கொள்கைக்குப் போகட்டும், அங்கே அவை தேவை. ‘முன்னணி’ எம்.டி.யின் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு. சுற்றுச்சூழல் என்றால் மின்சிக்கனத்துக்கான பி.இ.இ. நட்சத்திர லேபிள் வாங்கிய மாடல்கள் உங்களிடம் இருந்தால் அந்தப் பக்கத்தில் கேட்லாகில். ‘மனிதவளம்’ உங்கள் சொல், நீங்களே முதலில் எடுத்துவிட்டதாகக் கூட்டத்தில் அறிவியுங்கள். அதன் பிறகு மற்றவர்களிடம் கேட்கச் சுலபம்.

நிறுவனரிடம் எப்படிப் போவது

அவரிடம் புதிய வாசகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பழைய கையெழுத்தை அழிக்க வந்த மாதிரி ஆகும். மாற்று மோட்டார் பழக்கம் எப்படித் தொடங்கியது, முதலில் எந்தத் தோட்டம், எவ்வளவு செலவு, யார் தடுத்தார்கள் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். எம்.டி.யையும் கூட்டிப் போங்கள், மகனுக்கு முன்னால் சொல்வது இன்னும் நன்றாக வரும். பெரியவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்ளுங்கள். நான் எழுதிய இரண்டாவது வாக்கியத்தைவிட நல்லதொன்று அவர் வாயில் வந்துவிட வாய்ப்பு அதிகம். வந்தால் என்னுடையதைத் தூக்கிப்போட்டுவிட்டு அதை வைத்துக்கொள்ளுங்கள், கையெழுத்துக்கு அவரிடமே கொடுங்கள்.

மாற்று மோட்டார் கணக்கை எம்.டி. முடிவு செய்து, ஒரு பேட்சாவது மறுநாள் பார்க்காமல் சொல்லும்வரை, ஃப்ரேம் போடக் கொடுக்காதீர்கள். அதுவரை பழைய பலகை அங்கேயே இருக்கட்டும்.